மதினி குடுத்துவிட்ட பொட்டலம்

மக துபாயில இருக்கா. வயித்துல எட்டு மாசம். மருமகனுக்கு ஷிஃப்ட் வேலை, ஒரு வாரம் பகல்னா ஒரு வாரம் ராத்திரி. பிரசவத்துக்கு இங்கன வரச் சொன்னோம். டாக்டர் விமானத்துல ஏறக் கூடாதுன்னுட்டாக, அதனால நான் போகணும்னு முடிவாச்சு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகி நாலு மாசம்தான், அவுகளால முடியாது. ஆக, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிறதுக்கு இந்த உலகத்துல நான் ஒருத்திதான். நான் போய்ச் சேரலைன்னா அவ ஆஸ்பத்திரிக்குத் தன்னந்தனியாப் போகணும். நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் இதுதான்.

சின்னமனூரைத் தாண்டி மதுரைக்கு மேல நான் போனது ரெண்டு தடவை, ரெண்டும் ரயில். விமானம்னா வானத்துல போறதை அண்ணாந்து பாத்ததோட சரி. ஆனா எனக்குப் பயம் விமானத்துமேல இல்லை, பெட்டிமேல.

டிக்கெட் போட்ட அன்னைக்கே ஆளாளுக்கு நாட்டாமை பண்ண ஆரம்பிச்சுட்டாக. எதுத்த வீட்டுக்காரி மகன் அமெரிக்காவுல இருக்கான். அவ, "கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு இருந்தாலும் பிடிச்சுருவாக மதினி"ங்கிறா. மாவு மில்லுக்காரர் தம்பி ஆஸ்திரேலியாவுல இருக்காராம். "பால்கோவா கொண்டு போனா குப்பைத்தொட்டியிலதான் போடுவாக"ங்கிறாரு. ஏய்யா, நான் போறது துபாய்க்கு! அமெரிக்காக்காரன் சட்டமும் ஆஸ்திரேலியாக்காரன் சட்டமும் எனக்கு எதுக்கு? அப்புடிக் கேட்டா, "எல்லா ஊருலயும் ஒண்ணுதான்"ங்கிறாக. ஒண்ணு இல்லை. அது பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

வீட்டுக்காரர் மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. போனை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் படிப்பாரு. "ஊறுகாய் கூடாதாம்"பாரு. நான் நார்த்தங்காய் ஜாடியைத் தூக்கி உள்ள வைப்பேன். காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டு, "இந்தா, ஊறுகாய் வைக்கலாமாம், கையில கொண்டு போற பையிலதான் கூடாதாம்"பாரு. நான் ஜாடியைத் திரும்ப எடுப்பேன். அந்த ஜாடி ஒரு வாரத்துல அலமாரிக்கும் பெட்டிக்கும் நடந்த நடை, நான் சபரிமலைக்குக்கூட நடந்திருக்க மாட்டேன்.

பொறுக்க மாட்டாம ஒருநாள் தேனியில டிக்கெட் போட்ட ஆபீசுக்கே ரெண்டு பேரும் போனோம். அங்கன இருந்த தம்பி நல்ல பிள்ளை, சிரிக்காமச் சொல்லுச்சு.

"அம்மா, சட்டம் ரெண்டு இருக்கு. மதுரையில பெட்டியை ஏத்துறதுக்கு ஒண்ணு. அங்கன இறங்குன பெறகு அந்த நாட்டுக்குள்ள விடுறதுக்கு ஒண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் எல்லாருக்கும் பிரச்சனை."

ஒவ்வொண்ணாக் கேட்டேன். முறுக்கு, சீடை, அதிரசம்? தாராளமா. ஊறுகாய்? பெரிய பெட்டியில, எண்ணெய் கசியாமக் கட்டி வைக்கணும், கையில வேண்டாம். கொப்பரைத் தேங்காய்? பெரிய பெட்டியிலயும் வேண்டாம், எண்ணெய்ச் சத்து உள்ளது, தீப்பிடிக்கும்னு மதுரையிலயே எடுத்துருவாக. வெத்தலை?

"வெத்தலை அந்த ஊருக்குள்ளேயே கூடாதும்மா."

"சின்னமனூர் வெத்தலைப்பா!"

"எந்த ஊர் வெத்தலையா இருந்தாலும்தான்மா." பெறகு அந்தத் தம்பி பேனாவைக் கீழ வச்சுட்டு என் முகத்தை நேராப் பாத்துச்சு. "எல்லாத்தையும்விட முக்கியமா ஒண்ணு. கசகசா. ஒரு சிட்டிகை கூடாது. அது அபினிச் செடியோட விதை. இங்கன மளிகைச் சாமான், அங்கன போதைப்பொருள் சட்டத்துல வரும். பெட்டி எடுத்துட்டுப் போற ஆளைத்தான் பிடிப்பாக. தெரியாதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாக."

குருமாவுக்கு அரைக்கிற கசகசாவா? பிள்ளைகளுக்குத் தூக்கம் வரலைன்னா பாலுல போட்டுக் குடுக்கிற கசகசாவா? அதுக்கா ஜெயில்?

"அடுத்தவுக குடுத்துவிடுற பொட்டலம் இருந்தா, உள்ள என்ன இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க. உங்க பெட்டியில இருந்தா அது உங்க பொருள்தான்"னு கடைசியாச் சொல்லுச்சு. அந்தக் கடைசிச் சொல்லு என்னைப் பிடிச்சுக்கிச்சு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆள் வெளியூர் போறாகன்னா, அங்கன இருக்கிற சொந்தத்துக்கு நாலு பேரு பொட்டலம் குடுத்துவிடுவாக. மாட்டேன்னு சொல்லக் கூடாது. என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது. பிரிச்சுப் பாக்கவே கூடாது. பிரிச்சா, "நீ என்ன விஷமா வச்சுருக்க"ன்னு கேட்ட மாதிரி. அதுலயும் சம்பந்தி வீட்டுப் பொட்டலம்னா பேசவே வேண்டாம்.

சம்பந்தி வீடு போடியில. ஏலக்காய் வியாபாரம். கிளம்ப மூணு நாள் இருக்கும்போது சம்பந்தியம்மா காரு பிடிச்சு வந்தாக, முழங்காலைத் தாங்கித் தாங்கி. நாங்க ஒருத்தருக்கொருத்தர் மதினி. மடியில ஒரு பொட்டலம். வெள்ளை வேட்டித் துணியில, ஏலக்காய் மூட்டை தைக்கிற மாதிரியே சங்கிலித் தையல் போட்டுச் சம்பந்தி தைச்சிருந்தாரு. ஒரு நூல் பிசிறு இல்லை.

"மகனுக்கும் மருமகளுக்கும் கொஞ்சம் பலகாரம், கொஞ்சம் மசாப்பொடி மதினி. எடை ஜாஸ்தி இல்லை, நாலு கிலோதான்."

மசாப்பொடி! அந்த வீட்டுக் கறிக்குழம்பைச் சாப்புட்ட எவளும் சொல்லுவா, அது மசாலா இல்லை, கசகசாவுல கொஞ்சம் மசாலா போட்டிருக்கும். மதினிக்குக் கசகசா இல்லாமக் கை ஓடாது. கல்யாணம் முடிஞ்சு நான் சீர் பலகாரம் கொண்டு போனப்போ, எங்க வீட்டு அதிரசத்தைப் பிட்டு வாயில போட்டுட்டு, எம்புட்டுச் சனம் கூடியிருக்கும்போது, "நல்லாத்தான் இருக்கு மதினி, எள்ளுக்குப் பதிலாக் கசகசா போட்டா மணமா இருக்கும்"னு சொன்னவுக. நாலு வருஷமாச்சு. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கலை.

கேட்டுறலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. 'மதினி, இதுல கசகசா இருக்கா?' அம்புட்டுத்தான், நாலு வார்த்தை. வீட்டுக்காரர் பின்னாடி நின்னு கண்ணைக் காட்டுறாரு, வாயைத் திறக்காதன்னு. பொண்ணு குடுத்த எடம். மதினியும் என்னவோ சொல்ல வந்த மாதிரி என்னையவே பாத்துக்கிட்டிருந்தாக. "எல்லாம் பாத்து எடுத்து வச்சுட்டீகளா மதினி? அதிரசம் சுட்டாச்சா?"ன்னு கேட்டாக. "சுட்டாச்சு, மகளுக்கு என் அதிரசம்தான் வேணுமாம்"னு கொஞ்சம் கெத்தாத்தான் சொன்னேன். "ம்"னாக. காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாக.

அதுக்கப்புறம் ரெண்டு நாளும் பொட்டலம் நடுவீட்டுல உக்காந்திருந்துச்சு. நான் போக வர அதைப் பாப்பேன், அது என்னைப் பாக்கும். எடுத்துட்டுப் போனா ஜெயில். எடுத்துட்டுப் போகலைன்னா மக வாழப்போன வீட்டுல சண்டை. பிரிச்சா மானம் போச்சு. வீட்டுக்காரர் போனைப் பாத்து, "பொடியா இருந்தா மெஷின்ல தெரியாதாம்"ங்கிறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "தெரியுமாம்"ங்கிறாரு. "அந்தப் போனைத் தூக்கிக் கெணத்துல போடுங்க!"ன்னு கத்திட்டேன். எது சரி, எது தப்பு, எவன் சொல்றது நெசம், ஒரு எழவும் புரியலை. இதுக்கு நடுவுல மக போன் பண்ணி, "அம்மா, கால் வீங்கியிருக்கு, நீ எப்பம்மா வருவ?"ன்னா. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு.

கிளம்புறதுக்கு முந்துன நாள் காலையில, வீட்டுக்காரர் பெட்டியை எடை போடத் தராசு வாங்க மளிகைக் கடைக்குப் போயிருந்தாரு. கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கத்தரிக்கோலை எடுத்தேன். என் வீட்டுலயே நான் திருடியாட்டம் ஆயிட்டேன். ஆனது ஆகட்டும், மானம் போனா மகளுக்காகப் போகுதுன்னு ஒரு ஓரத்துல வெட்டி நூலை இழுத்தேன். சங்கிலித் தையல், சரசரன்னு முழுசா உருவிக்கிட்டு வந்துருச்சு.

எடுத்த எடுப்புல மேலேயே ஒரு சீட்டு. காலண்டர்த் தாளோட பின்பக்கம், மதினியோட குண்டு குண்டு எழுத்து. மகளுக்கு எழுதியிருந்தாக.

"ஆத்தா, எதுலயும் கசகசா போடலை. மசாப்பொடி புதுசா அரைச்சது. மில்லுல முன்னாடி அரைச்சவுக மசாலா ஒட்டியிருக்கும்னு, வீட்டு மிக்சியைக் கழுவிக் காய வச்சு அரைச்சேன். ருசி கொறைவாத்தான் இருக்கும், பொறுத்துக்க. அதிரசத்துலயும் கசகசா போடலை, உங்க அம்மா முன்னாடி போடுவாகளே, அது மாதிரி எள்ளுதான் போட்டேன். உங்க அம்மா முதத் தடவையாத் தனியா வர்றாக. பெட்டியை எவனாவது பிரிச்சு ஒண்ணு கேட்டா அவுக பயந்துருவாக. அதான்."

நின்னுக்கிட்டே படிச்சவ அப்புடியே தரையில உக்காந்துட்டேன். சீ, நான் என்ன பொம்பளை! நாலு வருஷமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தவுக, கால் வலியோட நின்னு, எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு மிக்சியைக் கழுவியிருக்காக.

சீட்டை ரெண்டாந் தடவை படிச்சேன். 'உங்க அம்மா முன்னாடி போடுவாகளே.'

முன்னாடின்னா? இப்ப நான் என்ன போடுறேன்?

விழுந்தடிச்சு எழுந்துபோய் என் அதிரச டப்பாவைத் திறந்தேன். ஐம்பது அதிரசம், ஒவ்வொண்ணுலயும் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி.

ஆத்தாடி! கசகசா! நான் போட்டது! என் கையால போட்டது!

எப்ப இருந்து போடுறேன்னு யோசிச்சுப் பாத்தேன். வேற எப்ப, மதினி அந்த வார்த்தை சொன்ன வருஷத்துல இருந்துதான். வாயில 'ஆமா, இவுக பெரிய இவுக'ன்னு சொல்லிக்கிட்டு, அடுத்த தீபாவளிக்கே கசகசா போட்டுச் சுட்டுப் பாத்தேன். மணமாத்தான் இருந்துச்சு. ஒருத்தருகிட்டயும் சொல்லலை. அப்புறம் பாகு மாவைப் பிசையும்போது கை தானாக் கசகசா டப்பாவுக்குப் போயிரும். தேனியில அந்தத் தம்பி அம்புட்டுச் சொன்ன பெறகும், வீட்டுக்கு வந்து, கசகசா பாக்கெட்டை எடுத்துப் பெட்டிக்குத் தூரமாப் பரண்ல வச்சேன். ரெண்டாம் நாளு, அதே பரண்ல இருந்து எடுத்து மாவுல போட்டிருக்கேன். எனக்கு அது கசகசாவாவே தோணலை, அதிரசமாத்தான் தோணுச்சு. அடுத்தவுக பொட்டலத்துல குத்தம் தேடுனவளுக்குத் தன் முதுகு தெரியலை.

அதுக்கப்புறம் எனக்கு என் கை மேலயே நம்பிக்கை போச்சு. நான் அரைச்ச கறிமசாலாவுல போட்டேனா? போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. மோந்து பாத்தேன், நக்கிப் பாத்தேன், ஒண்ணும் தெரியலை. மில்லுல எனக்கு முன்னாடி ஒரு சமையல் மாஸ்டர் பிரியாணி மசாலா அரைச்சாரு, அது ஒட்டியிருந்தா? வேண்டாஞ் சாமி. மசாலாவையும் அதிரசத்தையும் தூக்கி வெளிய வச்சேன். என்னுதுன்னு பெட்டிக்குள்ள போனது முறுக்கு, சீடை, நார்த்தங்காய் ஊறுகாய்தான். மிச்சம் பூராவும் மதினி குடுத்தது.

பொட்டலத்தைத் திரும்பத் தைக்கணுமே! அந்தச் சங்கிலித் தையல் எனக்கு எங்க வரும்? ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற மாதிரி கோணல் மாணலாத் தைச்சு வச்சேன். வீட்டுக்காரர் வந்து அதையும் பாத்தாரு, என் மூஞ்சியையும் பாத்தாரு. தராசுல தூக்கி நிறுத்தினோம். அதிரசத்தைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குடுக்கச் சொல்லிட்டுக் கிளம்புனேன்.

மதுரையில பெட்டியைப் போட்டதும் உள்ள போயிருச்சு, ஒரு கேள்வியும் இல்லை. இதுக்கா இம்புட்டுப் பாடுன்னு நினைச்சேன். துபாயில இறங்கி, பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வர்ற எடத்துல, ஒரு மெஷின்ல எல்லாப் பெட்டியையும் போடச் சொன்னாக. என் பெட்டி வந்ததும் ஒரு ஆபீசர் கையைக் காட்டி ஓரமா வரச் சொன்னாரு.

திறக்கச் சொன்னாரு. திறந்தேன். மத்ததையெல்லாம் விட்டுட்டு நேரா மதினி பொட்டலத்துலதான் கை வச்சாரு. என்னோட கோணல் தையலைக் கத்தியால அறுத்தாரு. மசாப்பொடியைத் தூக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. அதுக்குள்ள இருந்த மதினியோட அதிரச டப்பாவைத் திறந்து ஒண்ணைக் கையில எடுத்தாரு. விரலால அந்தப் புள்ளியைத் தொட்டு என்கிட்ட என்னவோ கேட்டாரு. அவரு பேசுற பாஷை எனக்கு விளங்கலை. பக்கத்துல நின்ன ஒரு பிள்ளை, மலையாளத்துச் சேட்டன் முகம், "எள்ளாணோ அம்மே?"ன்னு கேட்டுச்சு.

குமுளிப் பக்கம் போய் வர்றவளுக்கு அம்புட்டு மலையாளம் தெரியாதா? "எள்ளு! எள்ளுதான்! எள்ளாணு!"ன்னு மூணு தடவை சொன்னேன். அந்தப் பிள்ளை ஆபீசருகிட்டச் சொல்லுச்சு. அவரு புள்ளியை நகத்தால சுரண்டி வெளிச்சத்துல பாத்தாரு. கறுப்பு. டப்பாவை மூடி என் பக்கம் தள்ளுனாரு, போகச் சொல்லிக் கையைக் காட்டுனாரு.

பெட்டியை மூடித் தள்ளிக்கிட்டு வந்தேன். என் டப்பா அங்கன இருந்திருந்தா அந்த நகத்துல ஒட்டியிருக்கிறது வெள்ளையா இருந்திருக்கும். வெளிய மக வயித்தைத் தள்ளிக்கிட்டு மருமகன் தோளைப் பிடிச்சு நின்னா. அவளைக் கண்டதும் கட்டிக்கிட்டு அழுதேன். "எதுக்கும்மா அழுகுற"ன்னு அவளும் அழுதா.

வீட்டுக்குப் போனதும் அவ மொத வேலையா அதிரச டப்பாவைத் திறந்தா. ஒண்ணைப் பிட்டு வாயில போட்டு, கண்ணை மூடிக்கிட்டா.

"அம்மா, இதுதாம்மா உன் அதிரசம். எங்க கல்யாணத்துக்கு முந்தி சுடுவியே, அதே ருசி. நடுவுல நீ என்னமோ மாத்திட்ட, எனக்குப் பிடிக்கவே இல்லை. சொன்னா வருத்தப்படுவன்னு சொல்லலை."

"நான் சுடலைத்தா. உங்க அத்தை சுட்டது"ன்னேன். அவ மெல்றதை நிறுத்திட்டு என்னையப் பாத்தா.

அப்பவே மதினிக்குப் போன் போடச் சொன்னேன். வீடியோவுல அவுக முகம் வந்துச்சு. நான் நல்லபடியா வந்து சேந்தேனான்னுதான் மொதக் கேள்வி. பிள்ளை சாப்புட்டாளான்னு அடுத்தது. சாப்புட்டான்னேன். இனி மறைக்கிறது பாவம்னு தோணுச்சு.

"மதினி, நான் உங்க பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டேன். மன்னிச்சுருங்க."

மதினி சிரிச்சாக.

"தெரியும் மதினி. பிரிப்பீகன்னு தெரிஞ்சுதான் சீட்டை மேல வச்சேன். போன தீபாவளிக்கு நீங்க குடுத்துவிட்ட அதிரசத்துல கசகசா இருந்துச்சு. அதை உங்க மூஞ்சிக்கு நேரா எப்புடி மதினி சொல்றது? ஒருதரம் சொல்லித்தான் நாலு வருஷமா என்கிட்ட முகம் குடுத்துப் பேசாம இருக்கீக."

மக போனை என் பக்கமா இன்னும் நெருக்கிப் பிடிச்சா. மதினிக்குத் தெரியிற மாதிரி டப்பாவுல இருந்து ஒரு அதிரசத்தை எடுத்து வாயில போட்டேன்.